கல்லாப்பெட்டி விற்ற சின்னப் புத்தகம்

போன வருஷம் அலுவலகத்தில் ஒரு வேலை என் தலையில் விழுந்தது. புதிதாகச் சேரும் சேல்ஸ் ஆட்களுக்காகப் பொதுவாக ஒரு இடத்தில் எல்லாவற்றையும் சேர்த்து வைக்க வேண்டும். வாடிக்கையாளரிடம் காட்டும் ஸ்லைடுகள், நம்ம பொருளை வாங்கிப் பயன்படுத்துகிறவர்களின் கதைகள், "விலை ஜாஸ்தி" என்று சொன்னால் என்ன பதில் சொல்வது என்பது மாதிரியான குறிப்புகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். நாங்கள் விற்பது சின்னத் தொழிற்சாலைகளுக்கான கணக்கு, சரக்கிருப்பு மென்பொருள். ரெண்டு மாதம் உட்கார்ந்து நூற்றுக்கும் மேல் கோப்புகளைச் சேர்த்துவிட்டேன். அப்புறம்தான் ஒன்று கவனித்தேன். எங்களில் அதிகம் விற்கிற மூத்தவர் அந்தப் பக்கம் ஒரு தடவைகூட வரவில்லை. அவர் சொல்லும் பதில் ஒன்றுகூட அதில் இல்லை.

இதை முதலில் யார் செய்தார்கள், அவர்களுக்கு எப்படி வேலை செய்தது என்று தேடிப் படித்ததில் சேர்ந்த குறிப்புகள்தான் இது. தேடல் கொண்டு போய் விட்ட இடம் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரம். விற்ற பொருள் கேஷ் ரெஜிஸ்டர், அதாவது தானே கணக்கு வைக்கிற கல்லாப்பெட்டி.

யாருக்கும் வேண்டாத இயந்திரம்

டேட்டனில் ஜேம்ஸ் ரிட்டி என்பவர் மதுக்கடை நடத்தி வந்தார். கடை நன்றாக ஓடியது, கையில் காசு நிற்கவில்லை. வேலைக்காரர்கள் கல்லாவில் கை வைக்கிறார்கள் என்று தெரியும், பிடிக்க வழி தெரியவில்லை. ஒரு கப்பல் பயணத்தில், சுழலும் விசிறித்தண்டின் சுற்றுகளை எண்ணும் கருவியைப் பார்த்தாராம். சுற்றை எண்ண முடிந்தால் காசையும் எண்ணலாமே என்று தோன்றியது. சகோதரர் ஜானோடு சேர்ந்து ஒரு இயந்திரம் செய்து 1879-இல் காப்புரிமை வாங்கினார். யோசனை நல்லதுதான், ஆனால் வியாபாரம் ஆகவில்லை. உரிமை கைமாறிப் போனது.

1884-இல் அந்தத் தொழிலை 6,500 டாலருக்கு வாங்கியவர் ஜான் ஹென்றி பேட்டர்சன். நிலக்கரி வியாபாரி. சுரங்கத்துப் பக்கம் அவர் வைத்திருந்த கடை நஷ்டத்தில் ஓடியபோது இந்த இயந்திரத்தை வாங்கி வைத்துப் பலன் கண்டவர். ஆனால் அவர் கம்பெனியையே வாங்கியதைக் கேட்டு ஊரே சிரித்தது. மறுநாளே போய், 2,000 டாலர் தருகிறேன், வியாபாரத்தை ரத்து செய்துவிடுங்கள் என்று கேட்டார். விற்றவர் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு வழியில்லாமல் கம்பெனிக்கு நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் என்று பேர் வைத்து நடத்த ஆரம்பித்தார்.

ஏன் விற்பது கஷ்டம்? கடைக்காரர் இப்படி ஒரு பொருள் வேண்டும் என்று கேட்கவே இல்லை. அவரிடம் ஏற்கனவே ஒரு இழுப்பறை இருக்கிறது. இந்த இயந்திரத்தை வாங்கினால் தன் ஆட்களை நம்பவில்லை என்று ஊருக்கே சொன்ன மாதிரி. கடையில் நிற்கும் சிப்பந்திக்கோ இது ஜென்ம விரோதி. விளம்பரத் தாள் தபாலில் வந்தால் முதலாளி கண்ணில் படும் முன்னே கிழித்துப் போட்டுவிடுவார்கள். கம்பெனி பேர் தெரியாத வெற்று உறையில் அனுப்பும் அளவுக்கு இது போனது. பொருளைப் பற்றிச் சொன்னால் மட்டும் போதாது, தனக்கு இப்படி ஒரு தொல்லை இருக்கிறது என்பதையே கடைக்காரருக்குப் புரியவைக்க வேண்டும். அதற்குப் பேச்சு வேண்டும். அந்தப் பேச்சு ஒவ்வொரு விற்பனையாளரிடமும் ஒவ்வொரு மாதிரி இருந்தது.

கிரேன் சொன்னதை எழுதி எடுத்தார்கள்

விற்பனையாளர்களில் ஜோசப் கிரேன் என்பவர் மற்றவர்களைவிட நிறைய விற்றார். பேட்டர்சனுக்கு உறவுக்காரர், மைத்துனர் முறை. எப்படி விற்கிறீர்கள் என்று பேட்டர்சன் கேட்டபோது, பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை, எல்லாரிடமும் கிட்டத்தட்ட ஒரே பேச்சைத்தான் பேசுகிறேன் என்பதுதான் பதிலின் சாரம். முதலில் ஏதேதோ பேசிப் பார்த்தார். எந்தச் சொல்லுக்குக் கடைக்காரர் காது கொடுக்கிறார், எதைச் சொல்லாமல் விட்டால் பேரம் கெடுகிறது என்று கவனித்து, மிச்சம் நின்றதை வைத்துக்கொண்டார்.

பேட்டர்சன் அந்தப் பேச்சைச் சொல்லச் சொல்லி அப்படியே எழுதி எடுக்க வைத்தார். 1887-இல் அது சின்னப் புத்தகமாக அச்சாகி விற்பனையாளர்கள் எல்லாருக்கும் போனது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் முதல் புத்தகத்தைச் சொல்வது போல அதை 'பிரைமர்' என்றார்கள்.

புத்தகத்தின் அமைப்பை இன்றைக்கு ஸ்லைடு தயாரிக்கிறவர்கள் பார்க்க வேண்டும். பேச்சு நாலு கட்டமாகப் போகிறது: அணுகுதல், யோசனையை முன்வைத்தல், இயந்திரத்தை இயக்கிக் காட்டுதல், முடித்தல். முதல் கட்டத்தில் இயந்திரத்தைப் பற்றிப் பேச்சே கிடையாது. கடை எப்படி நடக்கிறது, எங்கே காசு ஒழுகலாம் என்பதுதான் பேச்சு. கடையில் வைத்து முழுதும் சொல்லிவிடக் கூடாது. விற்பனையாளர் தங்கியிருக்கும் ஓட்டல் அறையில் இயந்திரம் தயாராக இருக்கும், கடைக்காரரை அங்கே வரவழைக்க வேண்டும். கடையில் பேசினால் பாதியில் ஒரு வாடிக்கையாளர் வந்து நிற்பார். பக்கத்தில் சிப்பந்தி காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். இரண்டுமே ஓட்டல் அறையில் இல்லை.

இயக்கிக் காட்டும்போது, கடையில் காசு சம்பந்தமாக நடப்பதை ஐந்தாகப் பிரித்துக்கொள்வார்கள். ரொக்கத்துக்கு விற்பது, கடனுக்கு விற்பது, பழைய கடன் வசூலாவது, காசு வெளியே போவது, சில்லறை மாற்றுவது. எந்தக் கடையை எடுத்தாலும் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றையும் சொல்லி, இப்போது உங்கள் கடையில் இது எப்படி நடக்கிறது, எங்கே தவறலாம், இயந்திரத்தில் எப்படிப் பதிவாகும் என்று வரிசையாகக் காட்டிக்கொண்டு போவார்கள். எந்த இடத்தில் விரலால் எதைச் சுட்ட வேண்டும் என்பதற்குப் புத்தகத்தில் நட்சத்திரக் குறி போட்டிருந்தது. கடைசிக் கட்டத்தில் "வாங்குகிறீர்களா" என்று கேட்கக் கூடாது. என்ன நிறம் வேண்டும், எப்போது வந்து சேர வேண்டும் என்று கேட்டபடியே படிவத்தை நிரப்பிப் பேனாவை நீட்ட வேண்டும்.

இந்தக் கடைசி உத்தியை இன்றைக்கும் காப்பியடிக்கிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அது கொஞ்சம் உறுத்தும். ஆனால் ஐந்து வகைப் பிரிப்பு அப்படியில்லை. கிரேன் சரக்கைப் பிரித்துக் காட்டவில்லை, வாங்குகிறவருடைய நாளைப் பிரித்துக் காட்டினார். நான் சேர்த்து வைத்திருந்த நூற்றுச் சொச்சம் கோப்புகளில் முக்கால்வாசி எங்கள் மென்பொருளின் திரைகளைத்தான் பிரித்துக் காட்டின.

மறுப்புகளுக்கு ஒரு புத்தகம்

பிரைமர் வந்த பிறகு அடுத்த தொல்லை. மனப்பாடம் பண்ணிய பேச்சு, கடைக்காரர் குறுக்கே ஒரு கேள்வி போட்டதும் அறுந்துவிடும். அதனால் விற்பனையாளர்கள் கூடும் மாநாடுகளில் இந்த மறுப்புக்கு நீ என்ன சொல்வாய், நீ என்ன சொல்வாய் என்று கேட்டுக் கேட்டுச் சேர்த்தார்கள். வாதங்களின் புத்தகம் என்று அதற்குத் தனிப் பேர். பின்னால் இதையும் பிரைமரையும் சேர்த்து ஒரே கையேடாக ஆக்கினார்கள்.

ஒரு மறுப்பை மட்டும் எடுத்துப் பார்ப்போம். "எங்க கடைப் பசங்க நேர்மையானவங்க. அவங்களைச் சந்தேகப்பட்டு மிஷின் வைக்க முடியாது." இதற்குப் பதிலாக "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க, கடைசியில் திருடுவாங்க" என்று ஆரம்பித்தால் கதை முடிந்தது. கடைக்காரரை முட்டாள் என்றும், அவர் வளர்த்த பையனைத் திருடன் என்றும் ஒரே வாக்கியத்தில் சொல்லியாகிவிட்டது. கம்பெனி பிடித்த வழி வேறு. பையன் நேர்மையானவன் என்பதை அப்படியே ஒத்துக்கொள். அப்புறம், கணக்கு இடித்தால் இப்போது யார் மேல் சந்தேகம் விழும் என்று கேள். நேர்மையான பையன் மேலும்தானே விழும்? அவன் எடுக்கவில்லை என்பதற்கு அவனிடம் என்ன சாட்சி இருக்கிறது? இயந்திரம் அந்தச் சாட்சி. திறந்து கிடக்கும் காசு நல்லவனுக்கும் சபலம் காட்டும், அந்தச் சபலத்தை எடுத்துவிடுவது அவனுக்கு நீ செய்கிற உபகாரம்.

இதைப் பத்துத் தடவை படித்துப் பார்த்தேன். மறுப்பை உடைக்கவே இல்லை. மறுப்பில் இருக்கும் அக்கறையை எடுத்து, அதையே வாங்குவதற்குக் காரணமாக்கிவிட்டார்கள். விலை ஜாஸ்தி என்றாலும் இதே தடம்தான். காசு முக்கியம் என்பதை ஒத்துக்கொள். தினமும் ஒழுகுகிற காசை அவரையே கணக்குப் போடச் சொல். அந்த ஒழுகலை அடைத்த காசிலேயே தவணை கட்டிவிடலாம் என்று காட்டு.

ஏன் கொடுத்தார்கள்?

எனக்கு உண்மையில் விடை வேண்டியிருந்த கேள்வி இதுதான். நன்றாக விற்கிறவன் தன் வித்தையை ஏன் அடுத்தவனுக்குக் கொடுக்க வேண்டும்? கிரேன் உறவுக்காரர், சரி. மற்றவர்கள்?

பேட்டர்சன் ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் ஒரு வட்டாரத்தை முழுசாக ஒதுக்கிக் கொடுத்திருந்தார். அந்த எல்லைக்குள் யார் விற்றாலும் கமிஷன் அந்த ஏஜெண்டுக்கு. பக்கத்து ஊர்க்காரன் உன் வாடிக்கையாளரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அப்படியானால் உன் பதிலை அவனுக்குச் சொல்வதில் உனக்கு நஷ்டம் ஏதும் இல்லை. மாநாட்டில் எல்லார் முன்னாலும் சொன்னால் பேர் கிடைக்கிறது, ஊருக்குத் திரும்பும்போது நாலு புதுப் பதிலோடு திரும்பலாம். புத்தகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ஏற்பாட்டைத் தனி விஷயமாக எழுதிவிட்டுப் போகிறார்கள். எனக்கென்னவோ வட்டார ஏற்பாடு இல்லாமல் வாதங்களின் புத்தகம் வந்தே இருக்காது என்று தோன்றுகிறது.

எங்கள் அலுவலகத்தில் வட்டாரமெல்லாம் கிடையாது. வருகிற விசாரிப்பை யார் முதலில் எடுக்கிறார்களோ அவர்களுக்கு. மாதக் கடைசியில் யார் எவ்வளவு என்று சுவரில் பட்டியல். மூத்தவர் என் பக்கம் வராததற்குச் சோம்பல் காரணமில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.

புத்தகம் மட்டும் போதவில்லை

டேட்டனில் எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. பழைய ஏஜெண்டுகள் பலருக்குப் பிரைமர் பிடிக்கவில்லை. கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்க நாங்கள் என்ன பள்ளிக்கூடப் பசங்களா என்ற கோபம். பேட்டர்சன் விடவில்லை, மனப்பாடம் ஆகிவிட்டதா என்று சோதித்துப் பார்த்தார். 1894-இல் டேட்டனில் விற்பனைப் பள்ளியே ஆரம்பித்தார். கண்ணால் பார்த்தால்தான் மனசில் நிற்கும் என்பது அவர் கட்சி. பெரிய தாள்களில் எழுதியும் படம் வரைந்தும் புரட்டிப் புரட்டிப் பேசுவார். இன்றைய ஸ்லைடுகளுக்கு மூதாதை அது.

இருந்தாலும் புத்தகம் எவ்வளவு தூரம் கொண்டு போகும் என்பதற்கு தாமஸ் வாட்சன் கதை போதும். பின்னால் ஐபிஎம் என்ற பேரை உலகறியச் செய்தவர். 1890-களின் நடுவில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ கிளையில் இந்தக் கம்பெனியில் சேர்ந்தார். முதல் சில வாரங்களில் ஒன்றுகூட விற்கவில்லை. கிளைத் தலைவர் ஜான் ரேஞ்ச் காய்ச்சி எடுத்துவிட்டார். திட்டி ஓய்ந்ததும், வா, நானும் கூட வருகிறேன் என்று அழைத்துக்கொண்டு போய்க் கடைக்காரர் முன்னால் தானே விற்றுக் காட்டினார். வாட்சன் தேறியது அதற்குப் பிறகுதான். எந்தப் பதில் என்பதைப் புத்தகம் சொல்லும். அதை எப்போது சொல்ல வேண்டும், எப்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதைப் பக்கத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. நல்ல பதில் பரவுகிற வழியிலேயே கெட்டதும் பரவும். போட்டிக் கம்பெனிகளின் இயந்திரங்களில் என்ன குறை என்று சொல்லிக் கொடுப்பதும் இந்தக் கம்பெனியின் விற்பனை முறையில் இருந்தது. அது எல்லை மீறி, போட்டியாளரின் இயந்திரத்தைப் பழுதாக்குவது, அது மோசமானது என்று காட்டவே இயந்திரங்கள் செய்வது வரை போனதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 1912-இல் போட்டித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு. 1913 பிப்ரவரியில் பேட்டர்சன், வாட்சன் உட்படப் பல அதிகாரிகளுக்குத் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1915-இல் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆனால் போட்டியாளரைப் பற்றிய பக்கத்தை யார் எழுதுகிறார்கள், உண்மையா என்று யார் பார்க்கிறார்கள் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

என் கோப்புகளுக்குத் திரும்பி

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஒரு அடி விழுந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, நான் சேர்த்து வைத்த வாடிக்கையாளர் கதை ஒன்றை ஒரு நூற்பாலை முதலாளியிடம் காட்டியிருக்கிறாள். அந்த வாடிக்கையாளர் அந்த முதலாளிக்குத் தெரிந்தவர். உடனே போன் போட்டுக் கேட்டிருக்கிறார். "அதை நாங்க விட்டு ஒரு வருஷம் ஆச்சே" என்று பதில். வெளியே வந்து என்னைக் கூப்பிட்டாள். "அண்ணா, நீங்க குடுத்ததுதானே காட்டினேன்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கதை எழுதும்போது உண்மைதான். அதற்குப் பிறகு யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாடிக்கையாளர் கதைக்குக் காலாவதி தேதி உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றைக்கு நூற்றுச் சொச்சம் கோப்புகளையும் ஒதுக்கி வைத்துவிட்டு மேலாளரிடம் போனேன். கேட்டது ஒன்றே ஒன்று: மூத்தவருடைய பதிலைப் பயன்படுத்திப் புதியவர் யாராவது விற்றால் மூத்தவருக்கும் ஒரு பங்கு. டேட்டன் கதையைச் சொல்லித்தான் கேட்டேன். முழுசாகக் கிடைக்கவில்லை, சிறு தொகைக்கு ஒத்துக்கொண்டார்கள். அது போதுமாக இருந்தது. மூத்தவர் என்னைத் தன்னோடு நாலு இடத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். நான் பேசவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன்.

எங்களுக்கு அடிக்கடி விழும் மறுப்பு, "எங்க கணக்குப்பிள்ளை ஒத்துக்க மாட்டார்" என்பது. என் கோப்பில் இதற்கு இருந்த பதில்: பயன்படுத்த எளிது, இரண்டு நாளில் பயிற்சி தருவோம். மூத்தவர் இதைச் சொல்லவே இல்லை. "அவர் ஒத்துக்காம நீங்க வாங்கக் கூடாது சார். அவரையும் கூப்பிடுங்க" என்றார். வந்தவரிடம் மென்பொருளைக் காட்டவில்லை. "மாசக் கடைசியில எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீங்க?" என்று கேட்டார். அவர் சிரித்தார். எந்த வேலை அவரைப் பிடித்து வைக்கிறது என்று சொல்லவைத்து, அந்த ஒரு வேலையை மட்டும் திறந்து காட்டினார். வேறு எதையும் தொடவில்லை. கடைப் பையனைத் திருடன் என்று சொல்லாமல் சாட்சியை அவன் கையில் கொடுத்த அதே வழி. மூத்தவர் டேட்டனைப் பற்றிக் கேள்விப்பட்டதே கிடையாது.

இப்போது எங்கள் தொகுப்பில் பதினோரு மறுப்புகள்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கீழே யார் சொன்ன பதில், எந்த மாதிரி இடத்தில் சொன்னது, கடைசியாக எப்போது பலித்தது என்று மூன்று வரி. அடுத்தது முக்கியம்: எங்கே பலிக்கவில்லை. கணக்குப்பிள்ளை பதில், கணக்குப்பிள்ளையே முதலாளியின் மச்சானாக இருந்த ஒரு இடத்தில் மண்ணைக் கவ்வியது. அதையும் எழுதி வைத்திருக்கிறோம். வாடிக்கையாளர் கதைகள் ஏழுதான். காட்டுவதற்கு முந்தின மாதத்துக்குள் அவர்களிடம் பேசியிருக்க வேண்டும், இல்லையென்றால் காட்டக் கூடாது. போட்டியாளரைப் பற்றி, நாங்களே இயக்கிப் பார்த்தது தவிர ஒரு வரியும் கிடையாது.

பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். பங்குத்தொகையைப் பற்றி அடுத்த வருஷம் மறுபடி சண்டை போட வேண்டியிருக்கும், அது நின்றுவிட்டால் பன்னிரண்டாவது மறுப்பு வந்து சேராது. அந்தப் பெண் மட்டும் போன வாரம் தானாகவே ஒரு பதிலைக் கொண்டுவந்து கொடுத்தாள். கீழே தன் பேரைப் போடச் சொன்னாள். போட்டேன்.